கெம்பம்மாவின் இரண்டாவது சிம்

கெம்பம்மாவுக்கு முதுகுவலி எப்போது வந்தது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வந்தது, தங்கிவிட்டது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த விருந்தாளி போகாமல் இருந்தால் அவனுக்கும் சேர்த்து உலை வைப்பதில்லையா, அப்படி அதையும் சேர்த்துக்கொண்டுதான் அவள் காலையில் எழுந்தாள், பஸ் ஏறினாள், அக்ரஹாரத்தில் இறங்கினாள், ஆளைத் தூக்கினாள்.

ஆளைத் தூக்குவதுதான் அவள் வேலை. ஹனூர்ப் பக்கம் மானாவாரி பூமி. போர் போட்டு, அது வற்றி, இன்னொன்று போட்டு அதுவும் வற்றிய பிறகு, கட்டின புருஷன் மாதப்பனோடும் கைக்குழந்தை வினிதாவோடும் மைசூருக்கு வந்தவள். மாதப்பன் பெயிண்ட் வேலைக்குப் போனான். இவள் ரெடிமேட் கம்பெனியில் நூல் வெட்டினாள், அது மூடியதும் ஒரு நர்சிங்ஹோமில் ஆயாவாக இருந்தாள். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களைப் புரட்டவும், துடைக்கவும், சேரில் உட்கார வைக்கவும் அங்கேதான் கற்றாள். அந்தக் கையை நம்பித்தான் அக்ரஹாரத்து இராமச்சந்திரன் ஐயா வீட்டில் பகல் டூட்டிக்கு அவளைக் கூப்பிட்டார்கள்.

ஐயா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ரிட்டயர் ஆனவர். வாட்டசாட்டமான உடம்பு. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு. அந்த வார்த்தை ‘ஆமா’. பசிக்கிறதா என்றாலும் ஆமா, பசிக்கவில்லையா என்றாலும் ஆமா. கோபம் வந்தாலும் ஆமாதான். எந்த ஆமா எதற்கு என்று கெம்பம்மாவுக்குத் தெரியும். பெற்ற மகள் சுசித்ராவுக்குக் கூட அது பாதிதான் தெரியும். பாவம், அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பேங்கில் வேலை, காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள்.

தினமும் காலையில் ஐயாவுக்குப் பயிற்சி உண்டு. பிசியோதெரபிக்காரர் சொல்லிக் கொடுத்தது. ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்து, “வேகமா அமுக்குங்கய்யா, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு” என்று கெம்பம்மா எண்ணுவாள். வலது கை அசையாது. இடது கை நன்றாகவே அமுக்கும். அஞ்சு முடிந்ததும் ஐயா பெருமையாக ஆமா என்பார். அலுத்துப்போன வேலையில் அவளுக்குப் பிடித்த நேரம் அது ஒன்றுதான்.

இப்படிப் பகலெல்லாம் ஒருவரைத் தூக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் மேட்டகள்ளியில் இன்னொருவரைத் தூக்க வேண்டியிருந்தது. மாதப்பன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான். ஆனால் எதையும் தானாகப் பார்த்துக்கொள்ளவும் மாட்டான். கேஸ் புக் பண்ணுவது, கரண்ட் பில், பேங்க் சமாச்சாரம் எல்லாம் ‘நீயே பாத்துக்க’தான். சாரத்தின் மேல் நின்று பெயிண்ட் அடிக்கும்போது அவன் போன் பக்கெட்டில் விழுந்து செத்துப்போனது. “நாலு நாளைக்கு உம்போன்ல போட்டு வெச்சிரு புள்ள” என்று தன் சிம்மைக் கழற்றி அவள் போனின் இரண்டாவது இடத்தில் செருகினான். பிறகு புதுப் போன் வாங்கினான். கடைக்காரன் கூடவே புது சிம் ஒன்றும் கொடுத்தான், அதோடு சுற்ற ஆரம்பித்தான். பழைய சிம் அவள் போனிலேயே கிடந்தது. பேங்கும் கேஸும் ரேஷனும் அந்த நம்பரில்தான் இருந்தன. ஐயாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது மாதப்பனின் பேங்க் மெசேஜ் டிங் என்று வரும். இவள் எச்சில் கையைத் துடைத்துக்கொண்டு அவனுக்குப் போன் போட்டு ஓடிபி படித்துக் காட்டுவாள்.

“ஏனுங்க, உங்க சிம்மை எப்பத்தான் எடுத்துக்குவீங்க?”

“அதென்ன கனமாவா இருக்குது? கெடக்கட்டும் உடு.”

கனமாகத்தான் இருந்தது. சொன்னால் அவனுக்குப் புரியாது என்று விட்டுவிட்டாள்.

அந்தப் போனோ பழசு. பவர் பட்டனை அமுக்கினால் உடனே வெளிச்சம் வராது. மணி பார்க்கக்கூட அமுக்கிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தால்தான் கண் திறக்கும். ஒரு மத்தியானம் ஐயா தூங்கிக்கொண்டிருந்தார். அன்று சுசித்ராவுக்கு லீவு, கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கெம்பம்மா மணி பார்க்கப் பட்டனை அமுக்கினாள், வெளிச்சம் வரவில்லை, பொறுமை இல்லாமல் விடாமல் அமுக்கினாள். திடீரென்று போன் சைரன் மாதிரி அலறியது. திரையில் சிவப்பாக ஐந்து, நாலு, மூன்று என்று ஓடியது. எதைத் தொடுவது என்று தெரியாமல் இவள் முழிப்பதற்குள் 112-க்குப் போன் போய்விட்டது. பதறிப்போய்க் கட் பண்ணினாள். உடனே அங்கிருந்து திரும்ப அழைத்தார்கள். கன்னடத்தில் ஒரு பெண் குரல், என்னம்மா ஆச்சு, எங்கே இருக்கீங்க என்று கேட்டது. தப்பாக அமுங்கிவிட்டது என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் கெம்பம்மாவுக்கு வியர்த்துவிட்டது.

சுசித்ரா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“போலீஸுக்கா போச்சு?” என்றாள். “நாங்க உங்களை என்னமோ பண்ணிட்ட மாதிரி ஆகிடும் கெம்பம்மா. அக்கம்பக்கம் என்ன நினைப்பாங்க? பார்த்து நடந்துக்கோங்க.”

அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தாள். கெம்பம்மா பஸ்ஸில் வரும்போது வேலை போய்விடுமோ என்றே நினைத்துக்கொண்டு வந்தாள்.

வினிதா டிகிரி படிக்கிறவள். கன்னடம்தான் அவளுக்குச் சரளம், தமிழ் பேசினாலும் நடுவில் அது எட்டிப் பார்க்கும். போனை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.

“அம்மா, இது எமர்ஜென்சி எஸ்ஓஎஸ். பவர் பட்டனை வேகமா அஞ்சு வாட்டி அமுக்குனா ஆன் ஆயிடும். போன்லயே இருக்கும், யாரும் போட வேண்டியதில்லை.”

“அதை ஆஃப் பண்ணித் தொலை சாமி. எனக்குப் பொழப்புப் போயிரும்.”

“முழுசா பேடாம்மா, வேண்டாம். நீ தனியா போற, வர்ற. 112-க்குக் கால் போறதை மட்டும் நிறுத்திடறேன். அதுக்குப் பதிலா நம்ம ஆளுங்களுக்கு மெசேஜ் போற மாதிரி வெச்சுடலாம். நீ எங்க இருக்கியோ அந்த மேப்பு லிங்க்கும் சேர்ந்து போகும். யார் யாருக்கு அனுப்பணும், சொல்லு.”

யார் யாருக்கு. இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கஷ்டம் என்றால் எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், அவள் யாரைக் கூப்பிடுவாள் என்று அவளுக்கே யோசனை போனதில்லை. வினிதாவைப் போடலாமென்றால் கிளாசில் இருக்கும்போது போனைப் பையில் போட்டு மூடிவிடுவாள். சுசித்ராவைப் போடலாம், பக்கத்திலேயே பேங்க். ஆனால் மறுபடியும் தெரியாமல் அமுங்கிப் பேங்கில் அந்தம்மா போன் அலறினால் அன்றோடு சீட்டுக் கிழிந்தது. வேண்டாம்.

“அப்பாவைப் போடு. ராணியக்காளைப் போடு” என்றாள்.

ராணி அவளுடைய கூடப் பிறந்தவள், ஹனூரிலேயே இருக்கிறவள். வினிதா போனில் இருந்த பெயர்களில் ‘அப்பா’வைத் தட்டினாள், ‘பெரியம்மா’வைத் தட்டினாள். மெசேஜ் போக ரீசார்ஜ் இருக்க வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதே என்றாள். “ஒரு வாட்டி டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்மா” என்றும் சொன்னாள்.

“அக்கா பயந்து போயிரும். கடலைக்காய் புடுங்கற நேரம், அதைய எதுக்கு ஓட உடறது? வேண்டாம் உடு” என்று சொல்லிவிட்டு கெம்பம்மா பாத்திரம் கழுவப் போனாள். அன்றைக்கு அவளுக்கு அதற்கு மேல் எதையும் யோசிக்கத் தெம்பில்லை.

அதன் பிறகு அந்தப் போன் மணி பார்க்க மட்டும்தான் உதவியது. அதிலும் பொறுமையாக, ஒரே ஒரு அமுக்கு.

அது நடந்த அன்று காலையில் சுசித்ரா போய் வெகுநேரம் ஆகவில்லை. முன்கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு, இன்னொரு சாவி எதிர் மளிகைக் கடையில் இருக்கும். கெம்பம்மா ஐயாவைக் கட்டிலில் இருந்து கக்கூஸ் சேருக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். தினமும் செய்கிற வேலை. அவர் கக்கத்தில் கை கொடுத்து, முழங்காலால் முட்டுக் கொடுத்து, ‘ஏறுங்கய்யா’ என்று திருப்பினால் உட்கார்ந்துவிடுவார். சேரின் சக்கரத்துக்குப் பிரேக் போட்டுவிட்டுத்தான் திருப்பினாள். ஆனால் அந்தப் பிரேக் தேய்ந்து போனது. சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போன பிரேக். சேர் பின்னால் ஓடியது. ஐயா நடுவில் தொங்கினார்.

அவரைக் கீழே போட்டுவிட்டு விலகியிருக்கலாம். கெம்பம்மா விலகவில்லை. தன் உடம்பை அடியில் கொடுத்து மெதுவாக இறக்கினாள். இறக்கும்போதே முதுகில் எதுவோ விட்டுப் போனது. கணுக்கால் உள்பக்கமாக மடங்கியது. இருவரும் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் கிடந்தார்கள். அவள் கால் அவர் இடுப்புக்கு அடியில், வலது கை அவர் தோளுக்கு அடியில். இடது கையைக் கொண்டு சுவரைத் தள்ளிப் பார்த்தாள். முதுகில் பளீரென்று வெட்டியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

“ஐயா, அடி பட்டுச்சுங்களா?”

“ஆமா” என்றார். அது ‘இல்லை’ என்கிற ஆமா. அவளுக்கு உயிர் வந்தது.

கத்திப் பார்த்தாள். பழைய காலத்துச் சுவர். தெருவில் ஸ்கூட்டர்கள் போகிற சத்தம் உள்ளே வந்ததே ஒழிய இவள் சத்தம் வெளியே போகவில்லை. சாயங்காலம் வரை யாரும் வர மாட்டார்கள். ஐயாவுக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், இப்படியே மடங்கிக் கிடந்தால் அவருக்கு மூச்சு முட்டும். தன் கால் மரத்துக்கொண்டு வருவதும் தெரிந்தது. இந்தக் காலும் முதுகும் போனால் நாளைக்கு யாரைத் தூக்கிப் பிழைப்பது என்ற பயம் வந்தது. அந்தப் பயம் வலியை விடப் பெரிதாக இருந்தது.

ஜாக்கெட்டில் செருகியிருந்த போன் விழுந்து, தரையில் வழுக்கி, ஐயாவின் இடது கைக்குப் பக்கத்தில் கிடந்தது. அவளுக்கு எட்டாது. கண்ணால் பார்க்கத்தான் முடிந்தது.

“ஐயா, அந்தப் போனை எடுங்க.”

எடுத்தார். குழந்தை மாதிரி அவளிடம் நீட்டினார். நீட்டினாலும் எட்டவில்லை. பூட்டிய போன், திறந்து நம்பர் தேடிக் கால் பண்ண அவரால் ஆகாது. கெம்பம்மாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“ஓரத்துல ஒரு பட்டன் இருக்குதுங்களா? சின்னதா, ஒண்டியா? அதுல கட்டை வெரலை வெய்யுங்க. பந்து அமுக்குவோமில்ல, அந்த மாதிரி அமுக்கோணும். நான் எண்ணறேன்.”

அவர் விரலை வைத்தார். அவள் எண்ணினாள். முதல் தடவை ஒவ்வொன்றுக்கும் நடுவில் யோசித்து யோசித்து அமுக்கினார். வெளிச்சம் வந்தது, அணைந்தது, வந்தது. வேகம் பத்தவில்லை.

“வேகமாங்கய்யா. பிசியோக்காரர் வந்திருக்கறாருன்னு நெனச்சுக்கங்க. ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு.”

ஐயாவின் நெற்றி சுருங்கியது. கட்டை விரல் டக்டக்கென்று இறங்கியது. போன் அலறியது. அவர் பயந்து போய் அதைத் தரையில் போட்டார். அவள், “உடுங்க, அப்படியே உடுங்க, தொடாதீங்க” என்றாள். திரையில் எண்கள் குறைந்து முடிந்தன. சைரன் நின்றது.

“போயிருச்சுங்கய்யா. இனி அவரு வந்துருவாரு.”

“ஆமா” என்றார் ஐயா.

டிங் என்று சத்தம் கேட்டது. அவள் போனிலேயே கேட்டது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். புதிதாக ஒரு மெசேஜ். மேலே ‘அம்மா’ என்று பெயர். அவளுக்குத் தன் நம்பர் ஞாபகம் இருக்காது என்று வினிதாதான் அதை அம்மா என்று அந்தப் போனிலேயே சேமித்து வைத்திருந்தாள். கீழே இங்கிலீஷில் இரண்டு வரி, நீலமாக ஒரு லிங்க். எத்தனையோ ஓடிபி படித்த கண்ணுக்கு ‘ஹெல்ப்’ என்ற எழுத்து தெரியாமல் போகுமா? பக்கத்தில் சின்னதாக இரண்டு என்று போட்டிருந்தது. இரண்டாவது சிம்.

ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. அப்பா என்று வினிதா தட்டியது பழைய நம்பர், புதியது ‘அப்பா புதுசு’ என்று தனியாக இருந்தது. பழைய நம்பர் இருப்பது இந்தப் போனில். புருஷனுக்கு அனுப்பிய சேதி அவன் பேங்க் மெசேஜ் வருகிற வழியிலேயே நேராக அவளிடம் வந்து சேர்ந்துவிட்டது. இத்தனை நாளும் ஆபத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆளையும் அவள்தான் ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் முதுகு வலித்தது. அழுதாலும் வலிக்கும் என்பதால் இரண்டையும் நிறுத்திவிட்டு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். வாழ்க்கையில் அவ்வளவு களைப்பாக அவள் என்றைக்கும் இருந்ததில்லை. கல்யாணம் ஆன நாளில் இருந்து சேர்ந்த களைப்பு முழுக்க அந்தத் தரையில் வந்து கூடவே படுத்துக்கொண்டது. ஐயா அவளையே பார்த்தார். ஆமா கூடச் சொல்லவில்லை.

போன் அடித்தது. ராணி. ஐயா தட்டிப் பார்ப்பதற்குள் நின்றுவிட்டது. மறுபடி அடித்தது.

“பச்சையா இருக்கறதைய மேல தள்ளுங்கய்யா. தட்டாதீங்க, தள்ளுங்க.”

தள்ளினார். ராணி காட்டில் நின்று பேசிப் பழகியவள், அவளுக்கு ஸ்பீக்கர் எதுவும் தேவையில்லை.

“ஏய் கெம்பி, உம்போன்ல எவனாச்சும் திருட்டுப்பய பூந்துட்டானா? இங்கிலீசுல என்னமோ லிங்க் வந்திருக்குது. தொட்டா காசெல்லாம் போயிருமாம், ஊரெல்லாம் சொல்றாங்க. நான் தொடவே இல்ல பாத்துக்க.”

“ஆமா” என்றார் ஐயா.

“ஆரது? ஆம்பளை கொரலு?”

“அக்கா, நாந்தான் பேசறேன். கீழ உழுந்து கெடக்கறேன். எந்திரிக்க முடியல.” கெம்பம்மா அடித்தொண்டையில் இருந்து கத்தினாள். “அந்த லிங்க் நான் அனுப்புனதுதான். அதைய அப்படியே வினிதா அப்பாவோட புது நம்பருக்கு அனுப்பு. புது நம்பரு. அதுல தொட்டா நான் இருக்கற எடம் காட்டும்.”

“தொடட்டுமா?”

“நீ தொட வேண்டாங்க்கா. தள்ளி உடு, போதும்.”

ராணி தள்ளிவிட்டாள். தள்ளிவிட்டதோடு நிற்காமல் மாதப்பனுக்குப் போன் போட்டு, அவன் ஹலோ சொல்வதற்குள் ஒப்பாரியே வைத்துவிட்டாள் என்று பிற்பாடு தெரிந்தது.

மாதப்பன் மைசூரிலேயே போகாதிப் பக்கம் ஒரு வீட்டுச் சுவருக்குப் பட்டி பூசிக்கொண்டிருந்தான். பெண்டாட்டி அக்ரஹாரத்தில் வேலை செய்கிறாள் என்று தெரியும். எந்தத் தெரு, எந்த வீடு என்று தெரியாது. மூன்று வருஷத்தில் ஒரு நாள் வந்து விட்டுவிட்டுப் போனதில்லை, கேட்டதும் இல்லை. வெள்ளை படிந்த கையோடு லிங்க்கைத் தொட்டான். மேப்பில் சிவப்பாகப் புள்ளி தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வண்டியை விட்டான். சந்து திரும்பி, கோயில் தாண்டி, தப்பான வீட்டுக் கதவை ஒருமுறை தட்டித் திட்டு வாங்கி, கடைசியில் ஜன்னலை ஒட்டி அவன் குரல் கேட்டது.

“புள்ள, கெம்பம்மா, உள்ளயா இருக்கற?”

அவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. “எதுத்தாப்புல மளிகைக் கடையில சாவி இருக்குது” என்று மட்டும் சொல்ல முடிந்தது.

கடைக்காரரும் மாதப்பனும் சேர்ந்து ஐயாவைத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்தும் மூச்சு வாங்கியது. மாதப்பன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “இதையா தெனமும் நீ ஒருத்தியாத் தூக்கற?” என்று கேட்டான்.

கடைக்காரர் போன் போட்டதும் சுசித்ரா பேங்கில் இருந்து ஓடி வந்தாள். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகு கெம்பம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ரெண்டு தெரு தள்ளித்தானே இருந்தேன். என் நம்பரை ஏன் போடலை கெம்பம்மா?”

சும்மா மழுப்பியிருக்கலாம். அதற்கும் தெம்பில்லை. “அன்னிக்கு நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சீங்களே மேடம். எப்படிப் போடறது?”

சுசித்ராவின் கண் அந்தத் தேய்ந்த பிரேக்கின் மேல் போய் நின்றது. பிறகு, “இனிமே போடுங்க. தப்பா அமுங்கினாலும் பரவாயில்லை, வர்றேன்” என்றாள். ஐயா கட்டிலில் இருந்து ஆமா என்றார். அதில் கொஞ்சம் அதட்டல் இருந்த மாதிரி கெம்பம்மாவுக்குப் பட்டது.

கணுக்காலில் மயிரிழை முறிவு, மாவுக்கட்டு. முதுகுக்குப் பெல்ட். ஐயாவைப் பார்க்கத் தற்காலிகமாக ஓர் ஆள், கெம்பம்மா வந்ததும் அவளோடு சேர்ந்து தூக்கவும் அந்த ஆள் இருப்பான் என்று சுசித்ரா சொல்லியனுப்பினாள். அது நடக்கிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்று கெம்பம்மா நினைத்தாள். வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருப்பதே கூச்சமாக இருந்தது.

வினிதா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. “நாந்தான்மா தப்பாப் போட்டேன். டெஸ்ட் பண்ணிருந்தா தெரிஞ்சிருக்கும்” என்று போனை வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். சுசித்ரா பெயரைச் சேர்த்தாள். ‘அப்பா’ என்று இருந்ததை எடுத்துவிட்டுப் புது நம்பரைப் போடப் போனாள்.

“இரு” என்றான் மாதப்பன்.

அதுவரை கதவோரமாகச் சும்மா நின்றுகொண்டிருந்தான். வந்து கெம்பம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் தாலிக்கொடியில் தொங்கிய ஊக்கைத் தானே கழற்றி எடுத்தான். பெயிண்ட் போகாத விரலால் போனின் ஓரத்துத் துளையில் குத்தினான். இரண்டு தடவை தப்பி, மூன்றாவதில் தட்டு வெளியே வந்தது. இரண்டாவது சிம்மை எடுத்துத் தன் போனில் போட்டான்.

“என்ர மெசேஜை இனி நானே பாத்துக்கறேன். அந்த நம்பரே இருக்கட்டும் வினிதா, மாத்தாத. அது இனி எங்கிட்ட இருக்கும்.” அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டான். “நான் கீழ கடை வரைக்கும் போறேன். உங்கம்மாவை அமுக்கச் சொல்லு. வருதான்னு பாத்துர்லாம்.”

அக்காவுக்கும் சுசித்ராவுக்கும் போன் போட்டு, சும்மா சோதனைதான், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ராணி, “தொடோணுமா, தொட வேண்டாமா, அதைய மட்டும் சொல்லு” என்றாள்.

கெம்பம்மா பட்டனில் கட்டை விரலை வைத்தாள். ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு. போன் அலறியது, எண்கள் குறைந்தன, சத்தம் நின்றது. அவள் காத்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அவள் கையில் எதுவும் டிங் என்று ஒலிக்கவில்லை. போன் லேசாக, வெறுமையாக இருந்தது. எவ்வளவு நாளாக அதைச் சுமந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. சோதனைதானே, மெதுவாக வரலாம். மாதப்பன் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தான். வாசலில் நின்று மூச்சு வாங்கினான். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

“வந்துட்டேன் புள்ள” என்றான்.

கெம்பம்மா போனைப் பக்கத்தில் வைத்தாள். முதுகைச் சுவரில் சாய்த்தாள். தரையில் கிடந்தபோது அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது, அவளும் அதை நிறுத்தவில்லை.